25இல் விரலை வைத்துப் பின்னுக்கு எண்ணுங்கள்: திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகள்

"2023இல திருவருகைக்காலம் டிசம்பர் 3இல தொடங்கினது, 2024இல டிசம்பர் 1, 2025இல நவம்பர் 30. நத்தார் மட்டும் எப்பவும் 25தானே? அப்ப தொடக்கம் ஏன் வருசா வருசம் மாறுது? நாலு ஞாயிறையும் எங்க இருந்து எண்ணுறது?"

கலண்டரில் டிசம்பர் 25இல் விரலை வையுங்கள். அதற்கு முந்தி வருகிற ஞாயிறு எதுவோ அதுதான் திருவருகைக்கால நான்காம் ஞாயிறு. அங்கிருந்து ஏழு ஏழு நாளாக மூன்று தரம் பின்னுக்குப் போங்கள். மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு, முதல் ஞாயிறு என்று வந்து நிற்கும். கணக்கு இவ்வளவுதான். நவம்பரில் நின்றுகொண்டு தொடக்கத்தைத் தேடினால்தான் குழப்பம் வரும்.

2026ஐ எடுத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு நத்தார் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு 20ஆம் திகதி, அது நான்காம் ஞாயிறு. 13 மூன்றாவது, 6 இரண்டாவது. 6இல் இருந்து இன்னும் ஏழு நாள் பின்னுக்குப் போக வேண்டும். டிசம்பரில் ஆறு நாள்தான் இருக்கிறது. ஆறாவது அடியில் நவம்பர் 30க்கு வருகிறோம், ஏழாவது அடியில் நவம்பர் 29. அதுவே முதல் ஞாயிறு. மாதம் மாறுகிற இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்குத் தடுமாறும். நவம்பருக்கு 31 நாள் என்று நினைத்து 30ஆம் திகதி என்று எழுதி வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். கிடைத்த திகதி ஞாயிறுதானா என்று கலண்டரில் ஒருமுறை பார்த்தால் அந்தப் பிழை உடனே பிடிபடும்.

சரி, தொடக்கம் ஏன் நகர்கிறது? இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் அசையாமல் நிற்கின்றன: முடிவு 25ஆம் திகதி, எண்ணுகிற நாள் ஞாயிறு, எண்ணிக்கை நான்கு. மூன்றையும் கட்டி வைத்துவிட்டால் நகரக்கூடியது தொடக்கம் ஒன்றுதான். நம்முடைய ஊரில் இதை விளங்கிக்கொள்ள நல்ல உதாரணம் புரட்டாதிச் சனி. கோயிலுக்கு எள்ளெண்ணெய் கொண்டுபோகிற அயலவரைக் கேட்டுப் பாருங்கள், சில வருசம் நான்கு சனி, சில வருசம் ஐந்து சனி என்பார்கள். அங்கே மாதத்தின் தொடக்கமும் முடிவும் கட்டப்பட்டிருக்கின்றன, எத்தனை சனி என்பது மாறுகிறது. திருவருகைக்காலத்தில் எண்ணிக்கை மாறக்கூடாது. அதனால் மாற்றம் முழுவதும் தொடக்கத் திகதியின் தலையில் விழுகிறது.

எவ்வளவு நகரும் என்பதற்கும் எல்லை உண்டு. நத்தார் திங்கட்கிழமை வந்தால் அதற்கு முந்திய ஞாயிறு 24, ஆகவே முதல் ஞாயிறு டிசம்பர் 3. அதைவிடப் பிந்தாது. நத்தாரே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த ஞாயிறை எண்ணக்கூடாது, அது விழா நாள். முந்திய ஞாயிறான 18தான் நான்காவது, முதல் ஞாயிறு நவம்பர் 27. அதைவிட முந்தாது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் இருப்பவை ஏழு நாள்கள், அந்த ஏழில் ஒன்று கட்டாயம் ஞாயிறாக இருக்கும், அதுவே தொடக்கம். அந்த ஏழு நாளின் சரி நடுவில் நிற்பது நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதனால்தான் வழிபாட்டு விதியில் "நவம்பர் 30இல், அல்லது அதற்கு மிக அருகில் வருகிற ஞாயிறு" என்று எழுதியிருக்கிறது. அங்கிலிக்கன் பழைய செப நூலிலும் அந்திரேயா திருநாளுக்குக் கிட்டிய ஞாயிறு என்றே இருக்கிறது. இவை வேறு வேறு விதிகள் அல்ல. 25இல் இருந்து பின்னுக்கு எண்ணினாலும் 30க்குக் கிட்டிய ஞாயிறைத் தேடினாலும் ஒரே திகதியில்தான் வந்து நிற்பீர்கள். 2025இல் 30ஆம் திகதியே ஞாயிறாக வந்தது, நீங்கள் கவனித்தது அதைத்தான்.

வருசத்துக்கு வருசம் எந்த ஒழுங்கில் நகர்கிறது என்பதற்குக் காரணம் சாதாரணமானது. 365 நாள் என்றால் 52 கிழமையும் ஒரு நாளும். அந்த மிச்ச ஒரு நாளால் நத்தார் அடுத்த வருசம் ஒரு கிழமைநாள் முன்னேறும். ஞாயிறின் திகதி ஒன்று பின்வாங்கும். லீப் வருசத்தில் மிச்சம் இரண்டு நாள், ஆகவே பின்வாங்குவதும் இரண்டு. 2023இல் டிசம்பர் 3. 2024 லீப் வருசம், இரண்டு குறைந்து டிசம்பர் 1. 2025இல் நவம்பர் 30, 2026இல் 29, 2027இல் 28. 2028 மறுபடி லீப் வருசம். 28இல் இருந்து இரண்டு குறைத்தால் 26 வரும். ஆனால் 26 அந்த ஏழு நாள் எல்லைக்கு வெளியே. அதனால் ஒரு கிழமை முன்னே தள்ளி டிசம்பர் 3 ஆகிறது. மெல்ல மெல்லப் பின்வாங்கி, எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாக முன்னே பாய்கிற இந்த ஓட்டம் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கும். இதைத் தெரிந்துகொண்டால் தைமாதத்திலேயே அந்த வருசத்து ஆயத்தத்தைத் திட்டமிடலாம். ஜனவரி 1 என்ன கிழமையோ, சாதாரண வருசத்தில் நத்தார் அதற்கு அடுத்த கிழமைநாள். லீப் வருசத்தில் அதற்கும் அடுத்தது. 2026 ஜனவரி 1 வியாழன், நத்தார் வெள்ளி. 2028 ஜனவரி 1 சனி, நத்தார் திங்கள்.

இந்தக் கணக்கு நடைமுறையில் எங்கே இடறும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிட்டத்தட்ட இருபது வருசமாக எங்கள் பங்கில் பீட ஒழுங்குகளுக்கான முறைப்பட்டியலை எழுதுகிறவன் நான். திருவருகைக்காலத்தில் எங்கள் ஆலயத்தில் சவுக்குக் கொப்புகளை வளைத்துக் கட்டி, அதில் மூன்று ஊதா மெழுகுதிரியும் ஒரு ரோசா நிற மெழுகுதிரியும் வைப்போம். நான்கு குடும்பங்களுக்கு முறை. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஞாயிறில் ஒரு திரியை ஏற்றி, அந்தக் கிழமை முழுவதும் மாலைச் செபத்துக்கு வந்து வளையத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் என்பதால் சவுக்கு இலை சீக்கிரம் வாடாது, ஆனால் நெருப்புப்பெட்டி ஈரமாகிவிடும். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பதும் அந்தக் குடும்பத்தின் வேலை.

2017இல் நத்தார் திங்கட்கிழமை. நான்காம் ஞாயிறு 24ஆம் திகதி. பட்டியலில் நான்காவது குடும்பத்துக்கும் மற்றவர்களைப் போல "ஒரு கிழமை" என்றே நான் எழுதிவிட்டேன். அன்று காலைத் திருப்பலியில் அவர்கள் நான்காவது திரியை ஏற்றினார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த வீட்டு அம்மா மருமகளோடு வளையத்தைப் பார்க்க வந்தா. பீடத்தில் ஊதாத் துணி போய் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருந்தது, பாலன் குடில் திறந்திருந்தது, வளையத்தைத் தூக்கி ஓரத்தில் வைத்திருந்தார்கள். "எங்கட முறை இன்னும் முடியேல்லையே அண்ணை, ஏன் எடுத்திட்டியள்?" என்று கேட்டா. கேள்வி நியாயமானது. அவர்களுடைய திரி அரை நாள் கூட எரியவில்லை. முதல் குடும்பத்தின் திரி கிட்டத்தட்டக் கட்டையாகி இருந்தது.

பிழை எங்கே இருந்தது என்று பார்த்தால், "நான்கு ஞாயிறு" என்பதை "நான்கு கிழமை" என்று நான் எடுத்துக்கொண்டதில்தான். விதி கேட்பது நான்கு ஞாயிறுகளை. நான்காம் ஞாயிறுக்குப் பிறகு வருகிற கிழமை முழுமையாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. நத்தார் ஞாயிறில் வந்தால் மட்டும்தான் நான்காவது கிழமைக்கும் ஏழு நாள் கிடைக்கும், அப்போது காலம் 28 நாள். 2022இல் அப்படி இருந்தது, அடுத்து 2033இல் வரும். நத்தார் திங்களில் வந்தால் நான்காவது கிழமை என்பது அந்த ஒரு ஞாயிறு மட்டும், மொத்தம் 22 நாள். மற்ற வருசங்கள் இடையில் நிற்கும். 2023இலும் 24ஆம் திகதியே நான்காம் ஞாயிறு. அந்த முறை நான்காவது குடும்பத்தை நத்தார் குடில் பொறுப்புக்கு மாற்றி, திரி ஏற்றுவதை மூன்றாவது குடும்பத்தோடு சேர்ந்து செய்யச் சொன்னோம். 2028க்கும் அதையே எழுதி வைத்திருக்கிறேன்.

24ஆம் திகதி பின்னேரமே நிறம் மாறியது ஏன் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். திருச்சபையின் வழிபாட்டில் ஞாயிறும் பெருவிழாவும் முந்திய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். திருவருகைக்காலம் தொடங்குவது முதல் ஞாயிறுக்கு முந்திய சனி மாலைப் புகழோடு. முடிவது 24ஆம் திகதி மாலை, நத்தாரின் முதல் மாலைப் புகழுக்கு முன்னால். ஆகவே 24 ஞாயிறாக வந்தால் காலையில் அது திருவருகைக்கால ஞாயிறு, பொழுதுபட அது நத்தார். அந்த ஞாயிறில் மாலைத் திருப்பலிக்குப் போகிறவர்கள் நான்காம் ஞாயிறின் வாசகங்களைக் கேட்க மாட்டார்கள், நத்தாரின் வாசகங்களைத்தான் கேட்பார்கள். கத்தோலிக்கருக்கு ஞாயிறுக் கடனும் நத்தார்க் கடனும் இரண்டும் தனித்தனி என்பதால், ஒரே திருப்பலியில் இரண்டையும் முடித்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதை முதல் கிழமையிலேயே அறிவித்துவிடுவது நல்லது, 24ஆம் திகதி காலையில் சொல்லிப் பயன் இல்லை.

இன்னொரு பிழை "டிசம்பர் முதல் ஞாயிறு" என்று பாடமாக்கி வைத்திருப்பது. டிசம்பர் 1, 2, 3இல் தொடக்கம் வருகிற வருசங்களில் அது தற்செயலாகச் சரிவரும், நவம்பரில் வருகிற வருசங்களில் கவிழ்த்துவிடும். 2015இல் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சுவர்க் கலண்டரில் டிசம்பர் 6ஐத் திருவருகைக்கால முதல் ஞாயிறு என்று அச்சடித்திருந்தார்கள். பார்த்தவுடன் பிழை என்று தெரிந்தது. 6, 13, 20 என்று எண்ணிக்கொண்டு போனால் நான்காவது ஞாயிறு 27இல் விழும், அதாவது நத்தார் முடிந்து இரண்டு நாள் கழித்து. உண்மையான தொடக்கம் நவம்பர் 29. உங்கள் கையில் உள்ள கலண்டர் சரியா என்று பார்க்க இந்த ஒரு சோதனையே போதும்: முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் உள்ளே இருக்கிறதா, நான்காவது 25க்கு முன்னால் முடிகிறதா. கத்தோலிக்கக் கலண்டர் என்றால் முந்திய ஞாயிறில் கிறிஸ்து அரசர் பெருவிழா இருக்க வேண்டும். அந்தப் பெருவிழா 1925இல் ஏற்படுத்தப்பட்டபோது அக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்தது, 1969இன் திருத்தத்தோடுதான் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு வந்தது. பழைய சனம் ஒக்டோபர் என்று சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை.

திகதி பிழைத்தால் நிறமும் திரியும் மட்டும் பிழைக்காது. திருவழிபாட்டு ஆண்டு தொடங்குவதே முதல் ஞாயிறில்தான், வாசக நூலும் அன்றுதான் மாறும். மூன்றாண்டுச் சுழற்சியில் 2026 நவம்பர் 29இல் இரண்டாம் ஆண்டின் வாசகங்கள் தொடங்குகின்றன. ஒரு கிழமை பிந்தித் தொடங்கினால் வாசகர் போன வருசத்து நூலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

இதுவரை சொன்னது எல்லாம் விதி, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏன் நான்கு என்று கேட்டால் அங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் நான்கு இருக்கவில்லை. பிரான்சு நாட்டுப் பகுதிகளில் 6ஆம் நூற்றாண்டில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் இருந்தே நத்தாருக்கான நோன்பு தொடங்கியது. மிலான் நகரத்து அம்புரோசிய வழிபாட்டு முறையில் இன்றைக்கும் ஆறு ஞாயிறு. உரோமை முறையில் நான்கு நிலைத்தது, அதுவே மேற்கத்தியத் திருச்சபைகள் பெரும்பாலானவற்றுக்குப் பரவி, மிசனரிமாரோடு நம்மிடமும் வந்தது. நான்காகக் குறைத்தவர் பாப்பரசர் பெரிய கிரகோரியார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. மறைக்கல்வி வகுப்பில் நான் அதை மரபு என்றே சொல்லுவேன். நான்கு ஞாயிறும் மீட்பருக்காகக் காத்திருந்த நாலாயிரம் ஆண்டைக் குறிக்கும் என்பது பிற்காலத்தில் பக்தியோடு கொடுத்த விளக்கம். தியானிக்க நல்லது, ஆனால் எண்ணிக்கைக்குக் காரணம் அதுவல்ல. நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று நான்கு திரிகளுக்கும் பெயர் வைப்பதும் அப்படித்தான், ஆலயத்துக்கு ஆலயம் வரிசை மாறும். உங்கள் ஆலயத்தில் வேறு வரிசை இருந்தால் யாரும் பிழை செய்யவில்லை.

கீழைத் திருச்சபைகளை ஒருமுறை பார்த்தால் உங்கள் கேள்வியின் அடி இன்னும் தெளிவாகும். ஓர்த்தடொக்ஸ் சபையினருக்கும் நத்தாருக்கு முன்னால் நோன்புக்காலம் உண்டு. அவர்கள் ஞாயிறை எண்ணுவதில்லை, நாற்பது நாளை எண்ணுகிறார்கள். அவர்களுடைய நாட்காட்டியில் டிசம்பர் 24இல் முடியும் நாற்பது நாள் நவம்பர் 15இல் தொடங்கும். ஒவ்வொரு வருசமும் அதே 15தான், ஒரு நாள்கூட அசையாது. நாளை எண்ணினால் தொடக்கம் நிலையாக நிற்கும், கிழமைநாளை எண்ணினால் நகரும். கடைகளில் விற்கிற, நாளுக்கு ஒரு சின்னப் பெட்டியாகத் திறக்கிற அட்வென்ட் கலண்டரும் டிசம்பர் 1இல் தொடங்கி 24இல் முடிவது இதனால்தான். அது நாள்களை எண்ணுகிறது, திருவழிபாட்டுக் காலத்தை அல்ல. பிள்ளைகள் அதைத் திறக்கட்டும், ஆனால் முதல் ஞாயிறு எது என்று அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

மெழுகுதிரி வளையத்தின் கதையிலேயே இந்த நகர்வு பதிந்திருக்கிறது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் ஹின்றிச் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர், நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச்சில்லில் திரிகளை வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு, இடையிலுள்ள நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். அந்த வருசம் நத்தார் புதன்கிழமை, முதல் ஞாயிறு டிசம்பர் 1, ஆகவே சிவப்புத் திரி இருபது தேவைப்பட்டது. அடுத்தடுத்த வருசங்களில் அந்த எண்ணிக்கை 18க்கும் 24க்கும் இடையில் மாறியிருக்கும். பெரிய திரிகள் மட்டும் எந்த வருசத்திலும் நான்கு. பிற்காலத்தில் சிறிய திரிகள் விடுபட்டு அந்த நான்கு மட்டும் வீடுகளிலும் ஆலயங்களிலும் தங்கின.

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க ஆலயத்திலும், அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களிலும் முதல் ஞாயிறு ஒரே நாள்தான், பெயரும் அந்தந்தக் கிழமையின் கருப்பொருளும் வேறுபடலாம். திருவருகைக்காலத்தையே அனுசரிக்காத சபைகளும் இருக்கின்றன, அவர்களுடைய கலண்டரில் தேடினால் கிடைக்காது. இன்னொன்று, நம்முடைய வீடுகளில் டிசம்பரை மார்கழி என்றும் நவம்பரைக் கார்த்திகை என்றும் எழுதுகிற பழக்கம் உண்டு. பஞ்சாங்கத்து மார்கழி டிசம்பர் நடுவில்தான் பிறக்கும். அறிவித்தல் பலகையில் "கார்த்திகை 29" என்று எழுதி, யாராவது பஞ்சாங்கத்தில் கார்த்திகை 29ஐப் பார்த்தால் டிசம்பர் நடுப்பகுதிக்குப் போய்விடுவார்கள், முதல் ஞாயிறு தாண்டி இரண்டு கிழமை ஆகியிருக்கும். ஆகவே பலகையில் எழுதும்போது நவம்பர் 29, ஞாயிறு என்று திகதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள்.